முருங்கைப் பூவும் காலிக் கட்டமும்: ஆய்வுத் தலைப்பு தேடும் ஒரு மாணவருக்கு

"எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். 'சமீபத்திய கட்டுரைகளைப் படித்து, யாரும் செய்யாத ஒன்றைக் கண்டுபிடித்து வா' என்கிறார் கைடு. நாற்பது கட்டுரைகளை இறக்கி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் யாரோ செய்து முடித்துவிட்டதுபோல் இருக்கிறது. எனக்கு உண்மையான ஆசை எங்கள் முருங்கைத் தோட்டத்துக்கு வரும் கருவண்டுகளைப் பற்றித்தான். தோட்டத்து ஓரத்தில் கிடந்த பழைய மூங்கில்களை அப்பா விற்ற பிறகு வண்டு குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது, காய்ப்பும் குறைந்திருக்கிறது. இதெல்லாம் ஒரு தலைப்பாகுமா? எப்படி முடிவு செய்வது?"

ஆகும். ஆனால் "மூங்கிலை விற்றதால் காய்ப்பு குறைந்ததா" என்ற வடிவத்தில் ஆகாது. அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் சிறிய கேள்வி ஒன்று நல்ல தலைப்பாகும். அதை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து, பூச்சிகளும் பூக்களும் சார்ந்த புராஜெக்ட்டுகளுக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வயல்வெளியில் செய்யும் சிறு ஆய்வுகள்வரைதான் என் அனுபவம். உங்கள் கல்லூரியில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில்தான் புராஜெக்ட் என்றால், நான் சொல்லும் நடைமுறைக் கணக்குகள் அங்கே பொருந்தா.

நாற்பது கட்டுரைகள் உங்களை மிரட்டுவதற்குக் காரணம், கையில் கேள்வி இல்லாமல் அவற்றைத் திறந்ததுதான். எந்த ஆய்வுக் கட்டுரையும் தான் தொட்ட விஷயத்தை முடித்துவிட்டது போன்ற தோரணையில்தான் எழுதப்படும். இல்லையென்றால் இதழ்கள் ஏற்க மாட்டா. எனவே அவற்றை மூடி வைத்துவிட்டு, உங்கள் சந்தேகத்தை ஒரு தாளில் சங்கிலியாக எழுதுங்கள். மூங்கில் இருந்தால் கூடு இருக்கும். கூடு இருந்தால் வண்டு அதிகமாக இருக்கும். வண்டு அதிகமானால் பூவுக்கு வருகை கூடும். வருகை கூடினால் சூல்முடியில் மகரந்தம் கூடும். மகரந்தம் கூடினால் காய் கூடும். "மூங்கில் போனது, காய் போனது" என்று நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதில் ஐந்து கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம். சிலவற்றுக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. இனிப் படிக்க வேண்டியது இந்தக் கண்ணிகளை வைத்துத்தான்.

தேடும்போது முதலில் ஒரு எரிச்சல் வரும். முருங்கை என்று கூகுள் ஸ்காலரில் போட்டால் இலைப் பொடி, சத்து, மருத்துவக் குணம், நீரைச் சுத்திகரிக்கும் விதை என்று ஆயிரக்கணக்கில் கொட்டும். "இதில் இனி என்ன மிச்சம்" என்று தோன்றும். பூவையும் பூச்சியையும் சேர்த்துக் கேட்டால் அந்தக் கூட்டம் சட்டென்று கலைந்துவிடும். தேடுசொல்லை இப்படி அமையுங்கள்:

```
("Moringa oleifera" OR "Moringa pterygosperma" OR drumstick) (pollination OR pollinator OR "floral visitors" OR "fruit set")
```

இரண்டாவது பெயர், பழைய கட்டுரைகளில் முருங்கைக்கு வழங்கிய அறிவியல் பெயர். மூன்றாவதை நம் நாட்டுத் தோட்டக்கலைக்காரர்கள் தலைப்பிலேயே வைப்பார்கள். முதல் பெயரை மட்டும் போட்டுத் தேடிவிட்டு "யாரும் செய்யவில்லை" என்று கைடிடம் போய் நின்றால், வைவா நாளன்று வெளித் தேர்வாளர் ஒரு பழைய கட்டுரையை எடுத்து மேசையில் வைப்பார். பூச்சிகளின் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. கொசுத்தேனீ இன்று `Tetragonula iridipennis`. முந்தைய கட்டுரைகளில் அதுவே `Trigona iridipennis`. நம் அடுக்குத்தேனீயைப் பழைய ஆய்வுகள் `Apis indica` என்று குறிப்பிடும், இன்றைய பெயர் `Apis cerana`. பெயர் மாறியதால் மட்டும் காலியாகத் தெரியும் இடங்கள் ஏராளம். அவை இடைவெளியே அல்ல.

இப்படித் தேடினால் 1990இல் விசாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை கிடைக்கும். முருங்கையின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றிய அடிப்படை ஆய்வு அது. முருங்கைப் பூவுக்கு அதே மரத்து மகரந்தம் விழுந்தாலும் காய் பிடிக்கும், வேறு மரத்து மகரந்தம் விழுந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்றும், தச்சுத்தேனீக்கள், அதாவது நீங்கள் கருவண்டு என்கிறவை, முக்கிய மகரந்தச் சேர்க்கையாளர்கள் என்றும் அதில் இருக்கிறது. "கருவண்டால் முருங்கைக்குப் பயன் உண்டா" என்பதுதான் உங்கள் ஆர்வமாக இருந்திருந்தால், அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பதில் எழுதிவிட்டார். அவை காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் கூடு அமைப்பதும் நன்றாகத் தெரிந்த செய்தி; அச்சில் வார்த்ததுபோல் வட்டமான துளையும், அதன் கீழே கொட்டிக் கிடக்கும் மரத்தூளும் போதிய அடையாளம். ஆக, ஐந்து கண்ணிகளில் முதலாவது ஏறக்குறைய உறுதி. கடைசி இரண்டில் பாதி உறுதி. நடுவில் இருப்பவை பற்றி இன்னும் பார்க்க வேண்டும்.

இந்தப் பழைய கட்டுரையை வைத்துக்கொண்டுதான் சமீபத்திய இலக்கியத்துக்குள் போக வேண்டும். ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் `Cited by` என்று இருக்கும். அதை அழுத்தினால், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய பின்னாளைய கட்டுரைகள் எல்லாம் வரும். இடப்பக்கத்தில் கடந்த ஐந்தாறு ஆண்டுகள் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வருவது உங்கள் கேள்வியின் நேரடிச் சந்ததி. நாற்பதில் எட்டோ பத்தோதான் தேறும். அவ்வளவு போதும்.

அடுத்து ஒரு எக்செல் தாள். ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை. பத்திகளில் ஆண்டு, இடம், எந்த மாதங்கள், பார்த்த நேரம், எத்தனை மரம், எத்தனை தோட்டம், என்னென்ன பூச்சி, எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை. முன்னுரையைப் படித்து இதை நிரப்ப முடியாது. முன்னுரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், நேரம்தான் வீணாகும். செய்முறைப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். "காலை 6 முதல் மாலை 6 வரை பார்த்தோம்" என்ற ஒரு வரியில், இரவில் பார்க்கவில்லை என்ற செய்தி இருக்கிறது. "ஒரு பண்ணையில் ஐந்து மரங்கள்" என்ற வரியில், வேறு பண்ணைக்கு இந்த முடிவு பொருந்துமா என்று தெரியாது என்ற செய்தி இருக்கிறது. முடிவுரையில் ஆசிரியர்கள் உரக்கச் சொல்லும் குறையைவிடச் செய்முறையில் வாய்தவறிச் சொல்லிவிடும் குறைதான் பெரும்பாலும் உங்களுக்கு உதவும். "மேலும் ஆய்வு தேவை" என்பது பல கட்டுரைகளில் வெறும் மரியாதைச் சொல். அதன் பக்கத்திலேயே ஏன் தங்களால் செய்ய முடியவில்லை என்ற காரணமும் இருந்தால் மட்டும் அதை உங்கள் தாளில் ஏற்றுங்கள்.

தாள் நிரம்பியதும் காலிக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான மாணவர்கள் இடறுவது இங்கேதான். முதலில் கண்ணில் படுவது இடம் என்ற பத்தி. "திண்டுக்கல் மாவட்டத்தில் செய்யவில்லை" என்று மகிழ்ந்து அதையே தலைப்பாக்கிவிடுவார்கள். இது மிக மெலிந்த இடைவெளி. இடம் மாறினால் விடை ஏன் மாற வேண்டும் என்பதற்கு உங்களிடம் காரணம் வேண்டும். காரணம் இருந்தால் இடமும் தலைப்பாகும்: பழைய ஆய்வு பல்லாண்டு முருங்கை மரங்களில் நடந்திருந்து, உங்கள் ஊரில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 போன்ற செடிமுருங்கை பயிராக நெருக்கி நடப்பட்டிருந்தால், ஒரே சமயத்தில் பூக்கும் பூவின் எண்ணிக்கை வேறு, வண்டின் நடமாட்டமும் வேறாக இருக்கலாம். அப்படி ஒரு காரணத்தைச் சொல்ல முடியவில்லை என்றால், வரைபடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய புராஜெக்ட்டாகத்தான் முடியும்.

இன்னொரு வகைக் கட்டம், நமக்குத் தெரியாத இடத்தில் நிரப்பப்பட்டிருக்கும். நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்காவிலும், வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிருஷிகோஷிலும் கிடக்கின்றன. அவற்றில் பாதிக்குமேல் கட்டுரையாக வந்ததே இல்லை என்பது என் எண்ணம், எண்ணிப் பார்த்ததில்லை. மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல் போன்ற பழைய இதழ்களின் பின்னிதழ்களையும் ஒருமுறை பாருங்கள். ஒரு நாள் வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் "இடைவெளி" என்ற சொல்லை எழுதக் கூடாது.

மூன்றாவது வகை, செய்து பார்த்துத் தோற்றதால் காலியாக இருப்பது. தோற்ற ஆய்வுகள் அச்சேறுவது அபூர்வம் என்பதால் இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வேலையின் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஓர் உதாரணம், பார்த்த நேரம் என்ற பத்தி. அநேகமாக எல்லா வரிசையிலும் பகல்தான் இருக்கும். ஆனால் தச்சுத்தேனீக்களில் இரவில் மட்டும் பறக்கும் இனமும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. `Xylocopa tranquebarica` என்று தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய வண்டு அது. இரவில் முருங்கைக்கு யார் வருகிறார்கள் என்பது படிக்கும்போதே புல்லரிக்கும் கேள்வி. ஆனால் இருட்டில் பறக்கும் கறுப்பு வண்டை அடையாளம் காண வேண்டும், விளக்குப் போட்டால் அது வராமல் போகலாம், ஒரு வாரம் உட்கார்ந்து ஒன்றுகூட வராவிட்டால் உங்களிடம் எழுத ஒன்றும் இருக்காது. ஐந்து மாத புராஜெக்ட்டுக்கு இது சூதாட்டம். ஆசை இருந்தால் ஓரிரு இரவு போய்ப் பாருங்கள். வண்டு வந்தால் அது முனைவர் பட்டத்துக்கான விதை.

என் பார்வையில் சிறந்த காலிக் கட்டம் "எதை அளந்தார்கள்" என்ற பத்தியில்தான் கிடைக்கும். மகரந்தச் சேர்க்கை இலக்கியத்தில், பூவுக்கு யார் யார் வந்தார்கள், எத்தனை முறை வந்தார்கள் என்ற பட்டியல்கள் மலிந்து கிடக்கின்றன. வந்தவர் சூல்முடியில் என்ன வைத்துவிட்டுப் போனார் என்பதை அளந்தவை மிகக் குறைவு. இரண்டும் ஒன்றல்ல. ஒரு சிறு தேனீ பூவின் பக்கவாட்டில் அமர்ந்து, மகரந்தத்தை மட்டும் சுரண்டிக்கொண்டு, சூல்முடியைத் தொடாமலே போகலாம். வருகைக் கணக்கில் அதற்கு முதலிடம் கிடைத்துவிடும். தடித்த உடம்புள்ள கருவண்டு வந்து தொங்கினால் பூவே வளைந்து, அதன் மார்பு எல்லாவற்றிலும் உராயும். ஆகவே உங்கள் தாளில் ஒரு வரிசை கருவண்டு முக்கியம் என்றும், இன்னொரு வரிசை தேனீக்கள்தான் அதிகம் என்றும் சொல்லி, இரண்டாவது வெறும் வருகையை மட்டுமே எண்ணியிருந்தால், இரண்டுக்கும் நடுவே உங்கள் தலைப்பு இருக்கிறது. அந்தக் கட்டம் காலி என்பதற்கு என் வார்த்தையை ஆதாரமாக வைக்காதீர்கள். உங்கள் தாள் சொல்ல வேண்டும்.

இப்போது மூங்கிலுக்கு வருவோம். "மூங்கிலை எடுத்ததால் வண்டு குறைந்தது" என்பதை ஏன் விட்டுவிடச் சொல்கிறேன் என்றால், உங்களிடம் இருப்பது ஒரே தோட்டம். மூங்கில் இருந்த காலத்தில் யாரும் வண்டை எண்ணி வைக்கவில்லை. அந்த ஆண்டு மழை வேறு, பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து வேறு. இப்போது நீங்கள் ஆயிரம் பூவைப் பார்த்தாலும் அது ஒரு தோட்டத்து ஆயிரம் பூதான். மூங்கிலைப் பொறுத்தவரை உங்கள் மாதிரி எண்ணிக்கை ஒன்று. மூங்கிலோ விறகடுக்கோ உள்ள தோட்டங்கள் பத்து, இல்லாத தோட்டங்கள் பத்து என்று இருந்தால்தான் அந்தக் கண்ணியைத் தொட முடியும். பைக்கும் நேரமும் இருபது விவசாயிகளின் நல்லெண்ணமும் இருந்தால் செய்யலாம். தனியாக ஒரு மாணவரால், ஒரு பூப்பருவத்துக்குள் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

காய்ப்பை அளக்கிறேன் என்பதிலும் ஒரு பொறி உண்டு. முருங்கை கொத்துக் கொத்தாகப் பூத்து, பெரும்பாலானவற்றை உதிர்த்துவிடும் மரம். நூறு பூவில் தேனீ தொட்டவற்றில் 5, கருவண்டு தொட்டவற்றில் 10 காயாகின்றன என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு வித்தியாசம்! ஆனால் இந்த வித்தியாசம் தற்செயல் அல்ல என்று வழக்கமான புள்ளியியல் அளவுகோலில் நிறுவ, ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 430 பூ வேண்டும். ஒரே ஒரு வருகை மட்டும் பெற்ற 430 பூக்களைக் கண்முன் காத்திருந்து சேர்ப்பது ஒருவரால் நடக்கிற காரியம் இல்லை. ஆண்டுதோறும் சில புராஜெக்ட்டுகள் 30 பூவில் இதைச் செய்து, "வித்தியாசம் இல்லை" என்று எழுதி முடிப்பதைப் பார்க்கிறேன். வித்தியாசம் இல்லை என்று அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் தெரியாத அளவில் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு கண்ணி முன்னே நின்றுகொள்ளுங்கள். காயை விட்டுவிட்டு, ஒரு வருகையில் சூல்முடியில் எத்தனை மகரந்தத் தூள் விழுகிறது என்று எண்ணுங்கள். காய் என்பது ஆம், இல்லை என்ற இரண்டே விடை. மகரந்த எண்ணிக்கை ஒவ்வொரு பூவிலிருந்தும் ஓர் எண்ணைத் தரும். பூச்சிக்கு 30 பூ என்றாலே ஓரளவு பேச முடியும். செய்முறை எளிது. மாலையில் மறுநாள் விரியப் போகும் மொட்டுகளுக்கு மெல்லிய நைலான் வலைப்பை கட்ட வேண்டும். காலையில் பையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு பூச்சி வந்து போனதும், அது எது, எத்தனை விநாடி இருந்தது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பூவின் சூல்முடியைச் சாமணத்தால் கிள்ளிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஃபுக்சின் கலந்த கிளிசரின் ஜெல்லியின் சிறு துண்டை மேலே வைத்து லேசாகச் சூடாக்க வேண்டும். மகரந்தம் இளஞ்சிவப்பாகச் சாயம் ஏறித் தெரியும். கல்லூரி ஆய்வகத்துச் சாதாரண நுண்ணோக்கி போதும்.

கட்டாயம் சேர்க்க வேண்டியது ஒரு கட்டுப்பாட்டுக் குழு: பை கட்டி, பையை எடுத்து, யாரும் வராமலே சூல்முடியைக் கிள்ளிய பூக்கள். அவற்றிலும் மகரந்தம் இருக்கும், ஏனென்றால் பூவின் சொந்த மகரந்தம் பை உரசும்போதே விழுந்திருக்கலாம். அந்த எண்ணிக்கையை ஒப்பிடாமல் கருவண்டுக்குப் பெருமை சேர்க்கக் கூடாது. இன்னும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்றால், மொட்டிலேயே அதன் ஐந்து மகரந்தப் பைகளையும் கிள்ளி எடுத்துவிடலாம்; அப்போது சூல்முடியில் காண்பதெல்லாம் வெளியிலிருந்து வந்தது. ஆனால் மகரந்தத்துக்காக வரும் தேனீக்கள் அப்படிப்பட்ட பூவைத் தாண்டிப் போய்விடக்கூடும். இரண்டில் எது என்று முன்னோட்டம் பார்த்து முடிவெடுங்கள். எனக்கு மகரந்தப் பையை விட்டுவைத்து, கட்டுப்பாட்டுக் குழுவைப் பெரிதாக வைப்பதுதான் பிடிக்கும்.

இந்த முறை தராதவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சூல்முடியில் விழுந்தது அதே மரத்து மகரந்தமா, அடுத்த மரத்துடையதா என்று நுண்ணோக்கி சொல்லாது. காய் பிடிப்புக்கு அந்த வித்தியாசம் முக்கியம் என்று 1990 கட்டுரையே சொல்கிறது. ஆகவே "கருவண்டு அதிக மகரந்தம் வைக்கிறது" என்று எழுதலாம், "அதிகக் காய் தருகிறது" என்று எழுத முடியாது. பைக்குள் இருந்த பூவில் தேன் தேங்கியிருக்கும், அதனால் வருபவர் வழக்கத்தைவிட நெடுநேரம் தங்கலாம். பை கட்டாத பூவில் வண்டு தங்கும் நேரத்தையும் கொஞ்சம் குறித்து வைத்தால் இதைச் சரிபார்க்கலாம். வண்டின் இனப்பெயரைப் புகைப்படத்தை வைத்து எழுதிவிடாதீர்கள். சில மாதிரிகளைப் பிடித்து ஊசியில் குத்திப் பாதுகாத்து, தேனீ வகைப்பாட்டியல் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். அதுவரை "தச்சுத்தேனீ, வகை 1" என்றே இருக்கட்டும். தேர்வாளர்கள் இதைக் குறையாகக் கருத மாட்டார்கள். தவறான பெயரைத்தான் கருதுவார்கள்.

தலைப்பை உறுதி செய்யும் முன் நான் எப்போதும் கேட்கும் கேள்வி, விடை எப்படி வந்தாலும் பயன் உண்டா என்பது. கருவண்டு ஒரு வருகையில் அடுக்குத்தேனீயைவிடப் பல மடங்கு மகரந்தம் வைத்தால், மூங்கிலையும் பட்ட மரத்தையும் தோட்டத்தில் விட்டு வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. இரண்டும் சமம் என்று வந்தால், தேனீப்பெட்டி வைத்தாலே போதுமா என்ற கேள்வி எழுகிறது, வருகையை மட்டும் எண்ணிய கட்டுரைகள் அவ்வளவு தவறில்லை என்றும் ஆகிறது. இரண்டு முடிவும் எழுதத் தகுந்தவை. ஒரு விடை வந்தால் மட்டும் சுவாரசியம், மற்றது வந்தால் வெறுமை என்ற தலைப்பைத் தொடாதீர்கள், அது எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

பிறகு மூன்று காலை முன்னோட்டம். 20 பூக்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மணிக்கு நான்கு பூக்களுக்கு முதல் வருகை கிடைத்தால், மூன்று மணி நேரத்தில் 12. கருவண்டு, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்று மூன்று வகைக்கு 30 வீதம் 90 பூ வேண்டும். எட்டுக் காலைகள் என்று கணக்கு வரும். வருகை மூன்று வகைக்கும் சமமாகப் பிரிந்து வராது, ஆகவே இரு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். இது நடக்கும். மூன்று காலையிலும் கருவண்டு ஒன்றிரண்டுதான் வந்தது என்றால், உங்கள் தோட்டத்தில் இந்தத் தலைப்பு நடக்காது. வண்டு நிறைய உள்ள வேறு தோட்டத்துக்குப் போங்கள், அல்லது அடுக்குத்தேனீயையும் கொசுத்தேனீயையும் மட்டும் ஒப்பிடுங்கள். இந்த முடிவை முன்னோட்டம் முடிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பூப்பருவமே முடிந்துவிடலாம். இன்னொன்று, கம்பளிப்பூச்சிக்கு மருந்து அடிக்கும் நாளை அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்தடித்த மறுநாள் எண்ணிக்கை எதற்கும் உதவாது.

கைடிடம் போகும்போது நாற்பது கட்டுரைகளையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அரைப்பக்கம் எழுதுங்கள்: தெரிந்தது இது, இரண்டு கட்டுரைகள் இந்த இடத்தில் முரண்படுகின்றன, அதற்குக் காரணம் அளவை என்று நினைக்கிறேன், இப்படி அளப்பேன், முன்னோட்டத்தில் மணிக்கு இத்தனை வருகை கிடைத்தது. பின்னால் எக்செல் தாளை இணையுங்கள். அவர் தம் ஆய்வகத்தில் ஓடும் வேறு வேலையோடு சேர்க்கச் சொன்னால் ஒரேயடியாக மறுக்க வேண்டாம். அவருடைய கருவிகளும் அனுபவமும் உங்களுக்கும் வேண்டும். ஆனால் "முருங்கையின் மகரந்தச் சேர்க்கை பற்றிய ஓர் ஆய்வு" என்று தலைப்பை அகலமாக்கச் சொன்னால் மட்டும் பணிவோடு தடுத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், "செடிமுருங்கையில் ஒற்றை வருகையில் தச்சுத்தேனீயும் அடுக்குத்தேனீயும் சூல்முடியில் சேர்க்கும் மகரந்த அளவு: ஓர் ஒப்பீடு" என்பது போதும். நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது அதிலேயே இருக்கிறது, என்ன செய்யப் போவதில்லை என்பதும்.